சீட் எண்ணை எப்போது மாற்றுவது, எப்போது விட்டுவைப்பது?

கேள்வி: ஒரு கதைக்கு அட்டைப்படம் செய்கிறேன். கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர், கையில் சாமணம், பின்சுவரில் ஒரு பெயர்ப்பலகை. எழுத்தில் கேட்டதைப் படமாக வரையும் எஸ்டிஎக்ஸ்எல் என்ற ஏஐ மாடலை ஆட்டோமேட்டிக்1111 என்ற மென்பொருளில் ஓட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் எட்டுப் படம் எடுக்கிறேன். முகம் நன்றாக வந்தால் விரல் ஆறாக இருக்கிறது. விரல் சரியாக வந்தால் பலகையில் எழுத்து கோணல். படத்தின் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?

பதில்:

வேண்டாம். முகம், விரல், எழுத்து மூன்றும் ஒரே படத்தில் தானாகச் சரியாக அமையும் என்று காத்திருப்பதுதான் இங்கே சிக்கல். ஒரு கணக்குக்காக, நல்ல அமைப்பு நான்கில் ஒன்றிலும், பழுதில்லாத கை ஐந்தில் ஒன்றிலும், சரியான எழுத்து பத்தில் ஒன்றிலும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாவிட்டால் மூன்றும் சேர்ந்து வர இருநூறு படம் ஆகும். உங்கள் எட்டு எட்டுக் கணக்கில் இருபத்தைந்து சுற்று. அதுவும் சராசரிதான், உத்தரவாதம் இல்லை. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து ஓட்டினால் வேலை சில சுற்றுகளில் முடிந்துவிடும். எதைச் சீடிடம் விடுவது, எதை விடக்கூடாது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும்.

அதற்குச் சீட் என்ன செய்கிறது என்பதை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். மாடல் வெற்றுத்தாளிலிருந்து வரையத் தொடங்குவதில்லை, தாறுமாறான புள்ளிகளாலான இரைச்சலிலிருந்து தொடங்கி அதைப் படிப்படியாக நீக்குகிறது. அந்த இரைச்சல் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சீட் எண் தீர்மானிக்கிறது. முப்பது படிகளில் படம் உருவாகிறது என்றால், முதல் சில படிகளிலேயே தலை எங்கே, தோள் எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம், கை எந்தக் கோணம் என்கிற பெரிய விஷயங்கள் அமைந்துவிடும். மீதிப் படிகளெல்லாம் தோல், முடி, நகம், மரத்தின் ரேகை என்று நுணுக்கங்களுக்கு. நேரலை முன்னோட்டத்தைப் போட்டுவிட்டு ஏழாவது எட்டாவது படியில் பாருங்கள். மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் ஆள் உட்கார்ந்திருக்கும் விதம் அதற்குப் பிறகு பெரிதாக மாறாது. அமைப்பு பிடிக்கவில்லை என்றால் அங்கேயே `Skip` அழுத்திவிடலாம், மீதிப் படிகளுக்குச் செலவிட வேண்டியதில்லை.

ஆகவே சீடை மாற்றினால் எல்லாமே மாறும். ஒரு விரலுக்காகச் சீடை மாற்றுவது, குழாய் ஒழுகுகிறது என்று வீட்டை இடித்துக் கட்டுவது மாதிரி. முகம் போய்விடும், விளக்கு வெளிச்சம் போய்விடும், புதிதாக வந்த கையும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

சரி, உங்கள் படத்தையே எடுத்துக்கொள்வோம். முதலில் பலகையில் எழுத்து கேட்பதை நிறுத்துங்கள், காரணம் பின்னால் வருகிறது. மாடலிடம் கேட்கும் வாசகமான பிராம்ப்ட் இப்படி இருக்கட்டும்:

```
elderly watchmaker at a workbench, holding tweezers over an open
pocket watch, warm desk lamp, blank wooden sign on the wall behind
```

சீடை 4101 என்று கொடுத்து `Batch count` எட்டு வைத்தால் 4101 முதல் 4108 வரை வரும். இந்த மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று கூட்டிக்கொண்டே போகும் என்பதால் எந்தப் படம் எந்தச் சீட் என்ற குழப்பம் இல்லை. கம்ஃபியுஐ என்ற இன்னொரு மென்பொருளில் அப்படியில்லை. அங்கே `batch_size` எட்டு என்றால் எட்டுக்கும் சேர்த்து ஒரே சீட். ஐந்தாவது படம் பிடித்திருந்து அந்தச் சீடை ஒற்றைப் படத்துக்குப் போட்டால் முதல் படம்தான் திரும்பி வரும். அங்கே வேலை செய்பவர்கள் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் ஒவ்வொரு படமாக, சீடை `increment` வைத்து ஓட்டுவது நல்லது.

எட்டும் வந்ததும் உடனே விரலை எண்ணாதீர்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள், அதனால்தான் நல்ல படங்கள் குப்பைக்குப் போகின்றன. எட்டையும் சிறியதாக, ஒரே திரையில் அடங்கும்படி வைத்துப் பாருங்கள். கேள்வி ஒன்றுதான்: இது அட்டையாக நிற்குமா? தலைப்பு வைக்க மேலே இடம் இருக்கிறதா, கண் முதலில் கடிகாரத்துக்குப் போகிறதா அல்லது மூலையில் பளிச்சென்று எரியும் விளக்குக்குப் போகிறதா, முகத்தில் கவனம் தெரிகிறதா? இந்தப் பார்வையில் தோற்றதைத் திரும்ப எடுக்காதீர்கள், கை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. கையைப் பின்னால் சரி செய்யலாம். தலை மேல்விளிம்பில் முட்டுகிற படத்துக்கு இடம் உண்டாக்குவது அதைவிடப் பெரிய வேலை.

இப்படி 4102, 4105, 4107 மூன்றும் தேறியதாக வைத்துக்கொள்வோம். இப்போதுதான் முழு அளவில் திறந்து பார்க்க வேண்டும். அப்போதும் விரலிலிருந்து தொடங்க வேண்டாம், தோளிலிருந்து தொடங்குங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வொரு கையாகக் கண்ணால் பின்தொடருங்கள். 4102-இல் சாமணம் பிடித்த கை சட்டையின் எந்தத் தோளிலிருந்தும் வரவில்லை, மேசை விளிம்பிலிருந்து முளைத்திருக்கிறது. 4105-இல் இரண்டு கையும் ஒழுங்காக வருகின்றன, ஆனால் வலக்கையில் சுண்டுவிரலுக்கு அடுத்து ஒரு விரல் அதிகம். 4107-இல் இடக்கையும் கடிகாரமும் ஒன்றோடொன்று உருகி, எது விரல் எது சங்கிலி என்று பிரிக்க முடியவில்லை.

மூன்றும் "கை சரியில்லை" என்றுதான் தோன்றும். ஆனால் மூன்றும் ஒரே வகைப் பழுதில்லை. 4102-இன் தவறு அமைப்பில் இருக்கிறது, முதல் சில படிகளிலேயே விழுந்துவிட்ட தவறு. அதைத் திருத்த முழங்கையிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டும். சீடை விட்டுவிடுங்கள். 4105-இன் தவறு உள்ளூர்த் தவறு. படத்தை வைத்துக்கொண்டு கையை மட்டும் திருத்தலாம். 4107 நடுவில் நிற்கிறது. கடிகாரத்தின் வட்டம் தெளிவாக இருந்தால் முயன்று பார்க்கலாம், அதுவும் குழைந்திருந்தால் விட்டுவிடுவதே மேல். 4105 கையில் இருக்கும்போது நான் 4107-க்கு நேரம் செலவிட மாட்டேன்.

விரலைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. ஐந்து தெரியவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். சாமணத்தைப் பிடித்த கையைப் பக்கவாட்டில் பார்த்தால் மூன்று விரல்தான் தெரியும், மற்றவை மறைந்திருக்கும். அது சரியான கைதான். எண்ணிக்கையைவிடக் கட்டைவிரல் அதிகம் காட்டிக்கொடுக்கும். நம்மைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் இரு உள்ளங்கைகளையும் மேசைமேல் பதித்திருந்தால், கட்டைவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்க வேண்டும். வெளிப்பக்கம் நோக்கினால் விரல் ஐந்தாக இருந்தாலும் அது இடம் மாறிய கை. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும்.

இனி, எட்டுப் படத்திலும் கை கெட்டுப்போயிருந்தால்? அப்போது குற்றம் சீடில் இல்லை. பலர் இந்த இடத்தில்தான் மணிக்கணக்கில் சுற்றுகிறார்கள். எஸ்டிஎக்ஸ்எல் 1024 பிக்சல் சதுரப் படத்தை நேரடியாக வரைவதில்லை. எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிய 128-க்கு 128 கட்டங்களில் வரைந்து, கடைசியில் பிக்சலாக விரிக்கிறது. ஆள் முழுதாகத் தெரியும் படத்தில் கை 60 பிக்சல் அகலம் இருக்கிறது என்றால், அதற்குக் கிடைப்பது ஏழெட்டுக் கட்டம். ஒரு விரலுக்கு ஒன்றரைக் கட்டம். அந்த இடத்துக்குள் மடங்கிய ஐந்து விரலையும் இரண்டு முனைச் சாமணத்தையும் பிரித்துக் காட்ட எந்தச் சீடாலும் முடியாது, எப்போதாவது அதிர்ஷ்டத்தில் அமைந்தால் உண்டு. தூரத்து முகங்கள் களிமண்ணாக வருவதற்கும் இதுதான் பெரும்பாலும் காரணம். எட்டில் ஆறு ஏழு ஒரே மாதிரிக் கெட்டால் பிராம்ப்டையோ சட்டகத்தையோ மாற்றுங்கள்: இடுப்புக்கு மேல், இன்னும் அருகில், கை பெரிதாக. எட்டில் இரண்டு மூன்று மட்டும் கெட்டால் அது சீடின் விளையாட்டு, அவற்றை விட்டுவிட்டு மேலே போகலாம்.

பிராம்ப்டை மாற்றும்போது சீடையும் சேர்த்து மாற்றாதீர்கள். மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். பழைய பிராம்ப்டுக்கு ஓட்டிய அதே 4101 முதல் 4104 வரை புதிய பிராம்ப்டையும் ஓட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீழே `Script` பட்டியலில் உள்ள `X/Y/Z plot` இதை அட்டவணையாகவே போட்டுத் தரும். நான்கு சீடிலும் முன்னேற்றம் தெரிந்தால் அது பிராம்ப்ட் செய்த வேலை. ஒன்றில் மட்டும் தெரிந்தால் தற்செயல்.

அப்புறம் 4105-இன் ஆறாவது விரல். படத்தை, ஒரு பகுதியை மட்டும் திரும்ப வரையும் இன்பெயின்ட் தாவலுக்கு அனுப்பி, வலக்கை முழுவதையும், மணிக்கட்டும் சாமணத்தின் அடிப்பகுதியும் உட்பட, மாஸ்க்கால் மூடுங்கள். அதிகப்படியான விரலை மட்டும் மூடினால் பக்கத்து விரல்களோடு இணைக்க இடம் இருக்காது. `Masked content` என்பதில் `original`. `Inpaint area` என்பதில் கட்டாயம் `Only masked`. இந்த ஒரு அமைப்பில்தான் விஷயமே இருக்கிறது. இதைத் தேர்ந்தால் மென்பொருள் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, நீங்கள் கொடுத்த அளவுக்குப் பெரிதாக்கி வரைந்து, சுருக்கித் திரும்ப ஒட்டும். 80 பிக்சல் மாஸ்க், சுற்றிலும் 48 பிக்சல் விளிம்பு என்றால் வெட்டுவது 176 பிக்சல். அதை 1024-இல் வரையும்போது கை கிட்டத்தட்ட ஆறு மடங்கு பெரிதாகிறது. ஒன்றரைக் கட்டம் கிடைத்த விரலுக்கு இப்போது ஒன்பது கட்டம். முன்பு முடியாதது இப்போது முடிகிறது. விளிம்பை `Only masked padding, pixels` தீர்மானிக்கும். அதை மிகவும் குறைத்தால் மாடலுக்கு முன்கை தெரியாது, கை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று புரியாமல் திருப்பி வரைந்துவிடும்.

மூடிய பகுதியை எந்த அளவுக்கு மாற்றி வரையலாம் என்று சொல்வது `Denoising strength`. அது எவ்வளவு என்பது பழுதைப் பொறுத்தது. விரல் வடிவம் சரி, நகம் மட்டும் குழம்பியிருக்கிறது என்றால் 0.4 போதும். எண்ணிக்கையே மாற வேண்டும் என்றால் 0.6-ஐ ஒட்டிப் போக வேண்டும். 0.75-ஐத் தாண்டினால் கை புதிதாக வரும், ஆனால் சட்டையின் கைப்பகுதியோடு ஒட்டாமல் நிற்கும். குறைந்த மதிப்பில் ஆறாவது விரல் பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் அங்கே ஏற்கெனவே விரல் நிறத்தில் ஒரு கோடு இருக்கிறது, மாடல் அதை மதிக்கிறது. அப்போது எண்ணை ஏற்றுவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கிம்ப், கிரிட்டா போன்ற படத்தொகுப்பு மென்பொருளில் அந்த விரல்மேல் மேசையின் நிறத்தைத் தடிமனான தூரிகையால் அப்பிவிட்டு, அதை இன்பெயின்ட்டுக்குக் கொடுங்கள். அப்பியது அசிங்கமாக இருக்கட்டும், கவலை இல்லை. 0.5-இல் மாடல் அதை ஒழுங்காக்கிவிடும்.

சீடைத் தாராளமாக மாற்ற வேண்டிய இடம் இதுதான். இன்பெயின்ட்டில் ஒவ்வொரு தடவையும் தற்செயலான எண்ணைத் தரும் சீட் -1, எட்டுப் படம், பிராம்ப்டில் கையைப் பற்றி மட்டும்:

```
old man's hand holding thin steel tweezers, warm lamp light
```

கடைக்காரர், பலகை, மேசை எல்லாவற்றையும் பழைய பிராம்ப்டில் அப்படியே விட்டுவைத்தால், கை இருக்க வேண்டிய கட்டத்துக்குள் குட்டியாக ஒரு முதியவரையே வரைந்துவிடும் அபாயம் உண்டு. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். இந்த எட்டில் தேர்வு சுலபம், ஏனென்றால் முகமும் ஒளியும் பத்திரமாக இருக்கின்றன, நீங்கள் பார்ப்பது கை ஒன்றை மட்டுமே. எதுவும் சரியில்லை என்றால் இருப்பதில் நெருங்கிய ஒன்றை எடுத்து, அதன்மேல் 0.4-இல் இன்னொரு சுற்று. ஒரே பகுதியில் பல சுற்று ஓட்டினால் தோல் மெழுகு போல வழவழப்பாகத் தொடங்கும். அதைப் பார்த்தால் நிறுத்திவிட்டு முதல் படத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

இடைப்பட்ட ஒரு வழியும் இருக்கிறது, ஆனால் நான் அதை இரண்டாவதாகத்தான் சொல்வேன். சீட் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள `Extra` குறியை இட்டால் `Variation seed`, `Variation strength` என்று இரண்டு வரும். 4105-இன் இரைச்சலோடு வேறொரு சீடின் இரைச்சலைக் கொஞ்சமாகக் கலக்கும் வசதி இது. 0.1 வைத்தால் பெரும்பாலும் அதே ஆள், அதே வெளிச்சம், கொஞ்சம் வேறு விரல்கள். 0.3-ஐ நெருங்கும்போது முகமும் நகரத் தொடங்கும். மிட்ஜர்னி என்ற பட உருவாக்கச் சேவையில் `Vary (Subtle)` என்று வரும் பொத்தான், கையாளும் விதத்தில் இதற்கு இணை. கை மட்டுமின்றித் தலைச்சாய்வும் கொஞ்சம் மாறினால் நன்றாக இருக்கும் என்று தோன்றும்போது இது பயன்படும். விரலுக்கு மட்டும் என்றால் இன்பெயின்ட்டே சிக்கனம்.

சீட் எண்ணை மட்டும் குறித்து வைத்தால் படம் திரும்பி வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாடல், பிராம்ப்ட், இரைச்சலை நீக்கும் முறையான சாம்ப்ளர், படி எண்ணிக்கை, பிராம்ப்டை எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்கிற சிஎஃப்ஜி, அளவு எல்லாம் சேர்ந்துதான் படம். குறிப்பாக அளவு. 768-இல் வேகமாகப் பார்த்து, பிடித்த சீடை 1024-இல் போடலாம் என்று நினைத்தால் வேறு படம் வரும், ஏனென்றால் இரைச்சலின் பரப்பே மாறிவிட்டது. அதேபோல சாம்ப்ளராக `Euler a` வைத்திருந்தால் ஒவ்வொரு படியிலும் புது இரைச்சல் சேர்வதால், இருபது படியில் பிடித்த படம் நாற்பது படியில் அப்படியே மெருகேறி வராது, திசை மாறிவிடும். தேர்ந்தெடுக்கும் வேலைக்கு `DPM++ 2M` போன்ற ஒன்று நிம்மதி. இந்த விவரமெல்லாம் பிஎன்ஜி கோப்பிலேயே பதிவாகியிருக்கும். `PNG Info` தாவலில் போட்டால் தெரியும். ஆனால் செய்திச் செயலியில் அனுப்பித் திரும்ப எடுத்த படத்தில் பெரும்பாலும் அது இருக்காது, மூலக்கோப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பலகை. எழுத்துக்காகச் சீடை மாற்றவே மாற்றாதீர்கள். எஸ்டிஎக்ஸ்எல் உங்கள் பிராம்ப்டை எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை, சொற்களையும் சொல் துண்டுகளையும் மொத்தமாக ஒவ்வொரு எண்ணாக மாற்றித்தான் படிக்கிறது. ஆகவே ஒரு சொல்லில் எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்று அதற்குத் திடமாகத் தெரியாது. `OPEN` மாதிரி நான்கு பெரிய ஆங்கில எழுத்து சில சீடில் சரியாக அமையும். இரண்டு சொல் ஆனதும் பிசகும். தமிழ் என்றால் தமிழ் மாதிரித் தெரிகிற சுழிகள்தான் வரும். போதாக்குறைக்கு, கட்டங்களைப் பிக்சலாக விரிக்கும் கடைசிப் படியும் சின்ன எழுத்தைக் குலைத்துவிடும். ஒரு நிஜப் புகைப்படத்தில் உள்ள பொடி எழுத்தைச் சுருக்கி விரித்தாலே எழுத்து உருக்குலைந்துதான் வரும். எஸ்டி3, ஃப்ளக்ஸ் போன்ற பின்னால் வந்த மாடல்கள் டி5 என்ற மொழிப்பகுதியையும் நுணுக்கமான கட்ட அமைப்பையும் கொண்டிருப்பதால் ஆங்கிலச் சிறுவரிகளை நன்றாகவே எழுதுகின்றன. அவற்றில் ஒரு எழுத்து மட்டும் பிசகினால் சீடை மாற்றிப் பார்ப்பதில் நியாயம் உண்டு. உங்களிடம் இருப்பதில் இல்லை.

அதனால்தான் பிராம்ப்டில் `blank wooden sign` கேட்கச் சொன்னேன். அப்படிக் கேட்டாலும் சில சீடில் கிறுக்கல் வரும். பலகையை மாஸ்க் செய்து, பிராம்ப்டில் `bare wooden board` மட்டும் வைத்து, 0.7-இல் ஒரு சுற்று ஓட்டினால் வெற்று மரம் கிடைக்கும். எழுத்தைப் படத்தொகுப்பு மென்பொருளில் நல்ல எழுத்துருவில், முழுக் கறுப்பாக இல்லாமல் அடர்பழுப்பில் தட்டி, பலகையின் சாய்வுக்கு ஏற்பப் பெர்ஸ்பெக்டிவ் கருவியால் சாய்த்து, லேயரை `Multiply` முறையில் வையுங்கள். மரத்தின் ரேகை எழுத்தின் ஊடே தெரியும், எழுதியது போலவே இருக்கும். பின்னணி கொஞ்சம் மங்கலாக இருந்தால் எழுத்துக்கும் அதே அளவு மங்கல் கொடுங்கள். ஒட்டியது தெரிவது பெரும்பாலும் அந்தக் கூர்மை வித்தியாசத்தால்தான். படத்துடன் இன்னும் ஒட்டட்டும் என்று எழுத்தின்மேல் இன்பெயின்ட் ஓட்டும் ஆசை வரும். 0.2 கூட ஒற்றையும் கொம்பையும் தின்றுவிடும். அச்சுக்காகப் படத்தைப் பெரிதாக்கும் வேலையையும் எழுத்து வைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள், அப்ஸ்கேலர்களும் எழுத்தை விட்டுவைப்பதில்லை.